தோள் கவசம் தாளில் படுக்க மறுத்தால்

கேள்வி: தோள் கவசத்தின் முப்பரிமாண மொடலைத் தாளில் வெட்டி ஒட்டுவதற்காக Pepakura மென்பொருளில் விரித்தால் இருநூறு துண்டுக்கு மேல் வருகிறது. வெட்டுக்கோடுகளைக் குறைத்தால் துண்டின் ஒரு பக்கம் மறுபக்கத்தின் மேல் ஏறிவிடுகிறது. எங்கே வெட்டுவது, ஒட்டும் மடலையும் விளிம்பு எண்களையும் எப்படி வைப்பது?

வீடியோ கேமில் இருந்து எடுத்த மொடலை அப்படியே உள்ளே போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்த மொடல் திரையில் பார்க்கச் செய்தது, கத்தரிக்கோலுக்குச் செய்ததல்ல. முதலில் Blender என்ற முப்பரிமாண மென்பொருளில் மொடலின் முகங்களை, அதாவது அதன் பரப்பை ஆக்கும் சின்னச் சின்னத் தட்டைத் துண்டுகளைக் குறையுங்கள். என்னுடையதில் 6,000 முகம் இருந்தது. அதிலுள்ள Decimate கருவியில் Ratio 0.03 கொடுத்து 180-க்குக் கொண்டுவந்தேன். விளிம்பு கன்னாபின்னா என்று கோணியதால் அதை மட்டும் கையால் திருத்தினேன்.

அதன் பிறகும் துண்டு ஏறிக்கொண்டேதான் இருந்தது. அம்மா வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே பிளவுஸ் தைக்கிறவர். நள்ளிரவில் மேசை முழுக்கப் பரவிக் கிடந்த தாளைப் பார்த்துவிட்டு, “டாட் பிடிக்காமல் தட்டைத் துணி எப்படியடா கிண்ணமாகும்?” என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார். டாட் என்றால் துணியை ஆப்பு வடிவில் பிடித்துத் தைக்கிற மடிப்பு. எனக்கு அன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது. (கணிதம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். வளைவைப் பற்றிய காவுஸின் தேற்றம் இதுதான் என்று எனக்கும் பிறகு தெரிந்தது. எனக்கு முதலில் சொன்னது அம்மா.)

கவசத்தின் குமிழ் உச்சியை எடுங்கள். அதைச் சுற்றி ஆறு முக்கோணம், ஒவ்வொன்றும் உச்சியில் 53 பாகை. மொத்தம் 318. தாளில் ஒரு புள்ளியைச் சுற்றி 360 இருக்கிறது. மிச்சம் 42 பாகை வெறும் இடைவெளியாகத் திறக்கும். அதுதான் டாட். அந்த இடைவெளி திறக்க ஒரு வெட்டு உச்சிவரை போனால் போதும். குமிழில் உச்சி மட்டுமல்ல, கீழே உள்ள வளையங்களில் முக்கோணங்கள் கூடும் முனைகளும் இப்படிக் குறைப் பாகை கொண்டவைதான். ஒவ்வொன்றையும் ஏதாவது ஒரு வெட்டு தொட்டுவிட்டு விளிம்பில் போய் முடிய வேண்டும். தொடாமல் விட்ட முனை தட்டையாகாது.

இப்போது விளிம்பு வெளியே விரிகிற கழுத்துப் பகுதி. அங்கே கதை தலைகீழ். என் மொடலில் ஒரு முனையைச் சுற்றி 63 பாகையில் ஆறு முகம், மொத்தம் 378. பதினெட்டு பாகை கூடுதல். குடைப் பாவாடையின் அடிச்சுற்றுப் போல, தட்டையாக வைத்தால் துணி அதிகம். இதற்கு ஒரு வெட்டு விட்டால் போதாது. 378-ஐயும் ஒரே துண்டாக விரித்தால் ஏறத்தானே செய்யும்! அந்த முனையைக் கடந்து போகிற வெட்டு வேண்டும், அதாவது முனையில் இரண்டு வெட்டுக்கோடு. உங்கள் துண்டு ஏறுவது பெரும்பாலும் இதனால்தான். Pepakura திரையின் வலப்பக்கத்தில் எந்த இடத்தில் ஏறுகிறது என்று பார்த்து, அந்த முனையை இடப்பக்கத்து மொடலில் தேடிப் பாருங்கள். குழிவாக, குதிரைச் சேணம் போல இருக்கும்.

ஆகவே நான் கழுத்தைச் சுற்றி ஒரு வெட்டுக்கோடு போட்டு விளிம்பைத் தனியே கழற்றினேன். அது நான்கு வில் வடிவப் பட்டைகளாக வந்தது. குமிழில் கீழிருந்து மேலே ஆறு வெட்டு. நான்கு வெட்டு உச்சிக்கு அடுத்த வளையத்தோடு நின்றுவிடும். எதிரெதிரான இரண்டு மட்டும் உச்சிவரை போய்க் குமிழை இரண்டு பாதியாக்கும். ஒரே பூவாக விட்டிருந்தால் 28 சென்ரிமீற்றர் அகலம் வரும், ஏ4 தாளின் 21-க்குள் அடங்காது. ஒவ்வொரு பாதியிலும் மூன்று இதழ், ஒரு தாளுக்கு ஒரு பாதி. தொடக்கத்தில் எனக்கு வந்த இருநூற்றுப் பன்னிரண்டு துண்டு ஆறாகியது.

மடல் விஷயத்தில் ஒன்றுதான் சொல்வேன். ஒரு இணைப்புக்கு ஒரு பக்கம் மட்டும் மடல், 6 மில்லிமீற்றர். இரண்டு பக்கமும் விட்டால் பிறிஸ்டல் போட் மூன்று மடிப்பாகி அந்த இடம் புடைக்கும். இதழின் நுனியில் மடல்கள் ஒன்றோடொன்று இடிக்கும். அங்கே 3-ஆகக் குறைத்து இரண்டு முனையையும் சரிவாக வெட்டுங்கள். ஃபோமில் கவசம் செய்கிற ஆட்கள் இப்போது வந்து “எங்களுக்கு மடலே தேவையில்லை” என்பார்கள். உண்மைதான், அவர்கள் விளிம்பை விளிம்போடு ஒட்டுகிறவர்கள். கேள்வி தாளைப் பற்றியது.

எண்ணில்தான் நான் அவமானப்பட்டேன். எந்த விளிம்பு எதோடு சேரும் என்று காட்டும் எண்ணை மென்பொருள் விளிம்பின் சாய்வுக்கேற்பத் திருப்பி அச்சிடும். 68-ஐத் தலைகீழாகப் பார்த்தால் 89. அந்த இரண்டு விளிம்பும் கிட்டத்தட்ட ஒரே நீளம் என்பதால் ஒட்டியும் விட்டேன். நான்கு இணைப்புக்குப் பிறகு கவசம் உருளைக்கிழங்கு மாதிரிக் கோணியது. இப்போதெல்லாம் 6, 9, 8 மட்டுமே உள்ள எண்களுக்கு அடியில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுவிட்டுத்தான் கத்தரிக்கோலைத் தொடுவேன்.

அதைவிடப் பெரிய கூத்து இன்னொன்று. வலது தோளுக்கும் இடது தோளுக்கும் இரண்டு செட் அச்சிட்டேன். இடதை எண்கள் வெளியே தெரியும்படி மடித்து ஒட்டினேன். அசிங்கமாக இருக்கிறதே என்று வலதை எண் உள்ளே போகும்படி மடித்தேன். முடிந்ததும் பார்த்தால் இரண்டுமே இடது தோள்! அச்சிட்ட பக்கத்தை உள்ளே மடித்தால் மேடு பள்ளம் மாறி, உருவம் கண்ணாடிப் பிம்பமாகிவிடும். எண் மறைய வேண்டுமென்றால் மொடலை முதலே இடவலம் மாற்றிவிட்டு விரியுங்கள்.

அந்த இரண்டு இடது தோளோடுதான் ஒரு உடைப் போட்டிக்குப் போனேன். எங்கே, யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். நடுவர் ஒருவர் வந்து தட்டிப் பார்த்து, “இது பேப்பரா?” என்று சிரித்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து பெட்டியோடு வாங்கி வந்த உடைக்குப் பரிசு கொடுத்தார். இரண்டும் இடது என்பதை அவர் கவனிக்கவே இல்லை. கவனித்துக் குறைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது.

சரி, கேள்விக்கு வருகிறேன். கடையில் அச்சிடக் கொடுக்கும்போது Fit என்பதை விட்டுவிட்டு Actual size-ஐத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். தாளின் ஓரத்தில் 10 சென்ரிமீற்றர் கோடு ஒன்றையும் நீங்களே வரைந்து வையுங்கள். நான் முதல் தாளை ஒரு கொமியூனிகேஷனிலும், மின்வெட்டு வந்ததால் மிச்சத்தை அடுத்த தெருவிலும் எடுத்தேன். இரண்டாவது கடையில் அந்தக் கோடு 9.7 தான் இருந்தது. வெறும் 3 மில்லிமீற்றர் என்று ஒட்டப் போனால் கழுத்து வட்டத்தில் ஒரு விரல் நுழையும் ஓட்டை விழும். அடிமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.