வாழ்த்துச் செய்தியில் ஒட்டிக்கொள்ளும் 'ஏ'

கேள்வி: என் நாத்தனார் மகள் மூன்றாம் முறை எழுதி குரூப் 2-இல் தேறிவிட்டாள். "ஒருவழியா பாஸ் பண்ணிட்டியே! நம்பவே முடியல, வாழ்த்துகள்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பப் போனேன். வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். பொங்கலுக்கு வந்தபோதுகூட ராத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து விடை எழுதிப் பழகினாள், பாவம். எப்படி மாற்றி எழுத?

உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரி. 'நம்பவே முடியல' போக வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அதை எடுத்துவிட்டாலும் மிச்சம் இரண்டு இருக்கிறது.

'ஒருவழியா' என்றால் இழுத்துக்கொண்டே போனது முடிந்தது என்று பொருள். வாழ்த்துக்குள் பழைய இரண்டு தோல்வியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்னொன்று 'பண்ணிட்டியே'யில் இருக்கிற 'ஏ'. 'பண்ணிட்ட' என்பது செய்தி. 'பண்ணிட்டியே' என்றால் 'நான் நினைச்சது வேற' என்று சேர்கிறது. நேரில் சிரித்த முகத்தோடு சொன்னால் அது கொஞ்சலாகிவிடும். எழுத்தில் முகம் இல்லை, 'ஏ' மட்டும்தான் நிற்கும். நான் வேலைத் தேர்வில் தேறியபோது ஒரு பெரியவர், "பரவாயில்லையே, பாஸாயிட்டியே" என்று எழுதினார். அன்புள்ளவர்தான். பதினோரு வருஷமாகியும் அந்த வரி அப்படியே நினைவிருக்கிறது.

திருத்தும்போது 'மூணாவது தடவையிலாவது' என்று போட்டுவிடாதீர்கள், 'ஆவது' இன்னும் மோசம். 'சாதிச்சுக் காட்டிட்ட' என்பதும் வேண்டாம். காட்டுவது சந்தேகப்பட்டவர்களுக்குத்தானே? 'இவ்வளவு கஷ்டத்திலும்' என்பதிலுள்ள 'உம்'மும் அதே வகை.

சந்தேகம் வந்தால் அதே வரியை, வீட்டில் எப்போதும் முதல் மார்க் வாங்கும் பிள்ளைக்கு அனுப்புவீர்களா என்று பாருங்கள். அவனுக்கு 'ஒருவழியா' என்று எழுதக் கை வராது. அப்படியானால் இவளுக்கும் வேண்டாம்.

பயந்துபோய் 'எனக்கு அப்பவே தெரியும்' என்று மறுபக்கம் சாயவும் கூடாது. இரண்டு முறை தோற்றபோது அதைச் சொல்லாமல் இருந்தீர்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதோடு, அவள் பட்ட பாடு தானாக நடந்ததுபோல் ஆகிவிடும். முடிவைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பதையே விட்டுவிட்டு, கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். அந்த மாடிப்படியைக் கேள்வியிலேயே வைத்திருக்கிறீர்களே! 'பாவம்' மட்டும் வேண்டாம். கூடவே, இனி நடக்கப்போவதைப் பற்றி ஒரு கேள்வி:

"கண்ணு, ரிசல்ட் பார்த்தேன். ரொம்ப சந்தோஷம், வாழ்த்துகள். பொங்கலன்னைக்கு ராத்திரி மாடிப்படியில உட்கார்ந்து நீ விடை எழுதிட்டிருந்தது கண்ணுலயே நிக்குது. கவுன்சிலிங்ல எந்தத் துறை எடுக்கலாம்னு இருக்க? மாமாவும் கேட்டார்."

அவளே "என்னாலயே நம்ப முடியல அத்தை" என்று பதில் போடுவாள். அப்போது "எனக்கும்தான்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். "எந்தக் கேள்வி நல்லா எழுதின?" என்று கேளுங்கள்.