தளம் போட்ட பிறகு பிளான் மாறினால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். மதுரையில் வீடு கட்டுகிறோம். முதல் மாடிக்கான தளம் போட்டு 12 நாள் ஆகிறது. மாடிப் படுக்கையறையோடு 5க்கு 7 அடியில் ஒரு கழிப்பறை வேண்டும் என்று இப்போதுதான் தோன்றுகிறது. மேஸ்திரி தளத்தைக் கொத்தி இறக்கித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

பதில்: கொத்த விடாதீர்கள். உங்கள் தளம் 5 அங்குல கனம்தான் இருக்கும். அடியில் கம்பி, மேலே அழுத்தத்தைத் தாங்கும் கான்கிரீட். மேல்பக்கம் 2 அங்குலம் கொத்தினாலே தாங்கும் பலம் பாதிக்கு மேல் போய்விடும். அதற்குப் பிறகும் குழாய்க்கு வேண்டிய ஆழம் கிடைக்காது.

மாற்று வழி, தரையை 6 அங்குலம் உயர்த்துவது. சுவரோடு கழிவு வெளியேறும் பி-டிராப் கிளாசெட் வாங்கி, கழிப்பறையை வெளிச்சுவரை ஒட்டி வையுங்கள். அப்போது குளிக்கிற தண்ணீர் போகும் டிராப்புக்கு மட்டும்தான் ஆழம் தேவை, அது 6 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். வாசலில் ஒரு படி வரும்.

பாரத்தையும் பாருங்கள். நாலரை அங்குலச் செங்கல் சுவர் 10 அடி உயரத்தில், பூச்சோடு ஓரடி நீளத்துக்குச் சுமார் 250 கிலோ. உங்களுக்குப் புதிதாக 12 அடிச் சுவர், அதாவது 3 டன், அடியில் பீம் இல்லாத தளத்தின் மேல் ஏறும். எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக்கில் கட்டினால் இதில் பாதிகூட வராது. தரையை உயர்த்தவும் செங்கல் ஜல்லி கொட்டாதீர்கள், அதே பிளாக்கையே அடுக்குங்கள். இதையெல்லாம் தளம் தாங்குமா என்று கம்பி வரைபடம் போட்ட இன்ஜினியரிடம் எழுதி வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: (அதே தம்பதி, சில மாதம் கழித்து) நீங்கள் சொன்னபடியே செய்தோம். ஆனால் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்?

பதில்: குழாய், கிளாசெட், டைல்ஸ், சுவர் எல்லாம் எப்போது செய்தாலும் ஆகிற செலவுதான். முன்பே சொல்லியிருந்தால் அந்த இடத்தில் சென்ட்ரிங்கை இறக்கிக் கட்டியிருப்பார்கள். கம்பியும் பலகையும் கொஞ்சம் கூடியிருக்கும், சில ஆயிரத்தில் முடிந்திருக்கும். உங்கள் பட்டியலில் கூடுதலாக இருப்பது தரை உயர்த்தியது, பூசி முடித்த சுவரை உடைத்து வயரிங்கை மாற்றியது, திரும்பப் பூசியது. அப்புறம், ஆள் வராமல் வேலை நின்ற நாட்களுக்கு நீங்கள் கட்டிய வீட்டு வாடகையையும் இதில்தான் சேர்க்க வேண்டும்.

கேள்வி: போட்ட தளத்தில் உள்படிக்கட்டுக்கு வழி வெட்டலாமா?

பதில்: நான்கு பக்கமும் பீம் வைத்துத் தாங்காமல் கூடாது. வெளியில் இரும்புப் படி போடுங்கள்.

கேள்வி: எங்களுக்கு அடுத்த வாரம் தளம். என்ன பார்க்க வேண்டும்?

பதில்: கம்பி கட்டி முடித்த அன்று மாலை இருவருமாக மேலே ஏறுங்கள். கழிப்பறை இறக்கம், குழாய் இறங்கும் துளை, ஃபேன் பாக்ஸ், படிக்கட்டு வாய் நான்கையும் பிளானோடு ஒத்துப் பாருங்கள். அன்றைக்கு மாற்றினால் கம்பியை அவிழ்த்துக் கட்டும் கூலிதான்.