அட்டையின் இடது மேல் மூலை: வாசகர் கேள்விகளுக்கு ஒரு மருந்தாளுநரின் பதில்கள்

அம்மாவுக்கு மருத்துவர் எழுதிய, பதற்றத்தைத் தணிக்கும் அல்ப்ரசோலம் 0.25 மி.கி. பத்து மாத்திரைகளையும் வாங்கிக் கொடுத்தேன். பதினோராம் நாள் அதே சீட்டோடு போனபோது கடைக்காரர் தர மறுத்துவிட்டார். அவர் செய்தது சரியா? — வாசகி, மாட்டுங்கா

சரிதான். அட்டையின் இடது மேல் மூலையில் சிவப்பில் NRx என்றிருப்பதைப் பாருங்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்கும் உட்பட்ட மருந்து என்பது அதன் பொருள். அல்ப்ரசோலம், விற்பனைக்குக் கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியலான ஷெட்யூல் எச்1-இலும் இருப்பதால், சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை வாசகமும் அச்சிடப்பட்டிருக்கும். இத்தகைய மருந்தை விற்கும் கடைக்காரர் மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி, அதை மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

உங்கள் சீட்டில் மருத்துவரின் கையெழுத்துக்கு மேலே கடையின் பெயரும் தேதியும் இருக்கின்றனவா? மருந்து கொடுத்ததற்கான குறிப்பு அது. மீண்டும் கொடுக்கலாம் என்று மருத்துவரே எழுதியிராவிட்டால், முழு அளவும் கொடுத்து முடிந்த சீட்டு அத்துடன் தீர்ந்தது. அடுத்த முறை, எத்தனை முறை, எத்தனை நாள் இடைவெளியில் வாங்கலாம் என்பதைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பல மாதமாகச் சாப்பிடுபவர் திடீரென நிறுத்தினால் தூக்கமின்மையும் நடுக்கமும், சில வேளை வலிப்பும் வரலாம் என்பதால், மாத்திரை தீர்வதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

சில அட்டைகளில் Rx கறுப்பாகவும் சிலவற்றில் சிவப்பாகவும் இருக்கிறதே? — வாசகர், தாராவி

வெறும் Rx என்பது ஷெட்யூல் எச், அதாவது சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டியது, அமாக்ஸிசிலின் இவ்வகை. சிவப்பு Rx என்றால் எச்1. செஃபிக்ஸிம், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் போன்றவற்றுக்காக 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பிரிவு இது. சிவப்பு XRx உள்ள கீட்டமின் போன்றவற்றுக்குச் சீட்டு இரண்டு படிகளாக வேண்டும்; ஒன்றைக் கடைக்காரர் இரண்டாண்டு வைத்துக்கொள்வார். இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஓடும் சிவப்புக் கோட்டை இவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சீட்டின்றி உட்கொள்ளாதீர்கள் என்பதை எழுத்தறியாதவருக்கும் உணர்த்தும் கோடு அது. மருந்து எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதை அது சொல்வதில்லை.

நான்கு மாத்திரைகளை வெட்டித் தந்தார்கள். துண்டில் எந்தக் குறியும் இல்லை. — வாசகர், செம்பூர்

குறி இருந்த மூலை கடையிலேயே தங்கிவிட்டது. குறியில்லாத துண்டைச் சீட்டு வேண்டாத மருந்தென்று எண்ணிவிடாதீர்கள். எஞ்சிய அட்டையைக் காட்டச் சொல்லி, காலாவதித் தேதியையும் பேட்ச் எண்ணையும் சேர்த்துக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள்; எந்தக் கடைக்காரரும் இதற்கு மறுப்புச் சொல்லக் காரணமில்லை.

விற்பனைக்கல்ல என்று அச்சிட்ட அட்டையைப் பணம் வாங்கிக்கொண்டு தந்தார்கள். — வாசகி, சயான்

அது மருத்துவருக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்ட மாதிரியாகவோ அரசு மருத்துவமனைக்குரிய சரக்காகவோ இருக்க வேண்டும். ரசீதையும் அட்டையையும் பத்திரப்படுத்தி, மாநில உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திடம் புகார் கொடுங்கள்.