விளம்பரக் கணக்கும் அனலிட்டிக்ஸும் ஒத்துப்போகாதது ஏன்?

கேள்வி: ஆம்பூரில் தோல் பர்ஸ், பெல்ட் தயாரித்து இணையத்தில் விற்கிறோம். போன வாரம் மெட்டா விளம்பரக் கணக்கு 40 ஆர்டர் என்றது. கூகுள் அனலிட்டிக்ஸில் அதே விளம்பரத்துக்கு 11 மட்டுமே. எதை நம்புவது?

பதில்:

வேலூரில் சிறு வியாபாரிகளின் விளம்பரக் கணக்குகளைப் பார்த்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டு எண்களும் அவற்றின் விதிப்படி சரியாக இருக்கலாம். ஒரு விற்பனையை எந்த விளம்பரத்தின் பேரில் எழுதுவது என்ற விதிக்குத்தான் அட்ரிபியூஷன் மாடல் என்று பெயர். அந்த விதி இரண்டு இடத்திலும் வேறு.

ஒரே ஒரு வாடிக்கையாளரைப் பின்தொடர்ந்து பார்ப்போம். ராணிப்பேட்டையில் இருக்கும் ஒருவர் திங்கட்கிழமை இன்ஸ்டாகிராமில் உங்கள் பர்ஸ் விளம்பரத்தைத் தொட்டு, விலையைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார். புதன்கிழமை உங்கள் கடைப் பெயரைக் கூகுளில் தேடி, மேலே வரும் உங்கள் கூகுள் விளம்பரத்தின் வழியாக மீண்டும் வருகிறார். வெள்ளிக்கிழமை நேரடியாக முகவரியைத் தட்டி உள்ளே வந்து யுபிஐயில் பணம் கட்டுகிறார். உங்கள் பில் புத்தகத்தில் இது ஒரு விற்பனை. மெட்டாவின் வழக்கமான அமைப்பு, விளம்பரத்தைத் தொட்ட 7 நாளுக்குள்ளோ பார்த்த 1 நாளுக்குள்ளோ நடக்கும் விற்பனையைத் தன் கணக்கில் சேர்ப்பதால், இதைத் திங்கட்கிழமைக் கணக்கில் எழுதிக்கொள்கிறது. கூகுள் ஆட்ஸின் வழக்கமான கால வரம்பு 30 நாள். அது இதே விற்பனையைப் புதன்கிழமைக் கணக்கில் எழுதுகிறது. அனலிட்டிக்ஸின் டிராஃபிக் அறிக்கையோ நேரடி வருகையைத் தள்ளிவிட்டு, அதற்கு முந்தைய கடைசி வழியான கூகுள் விளம்பரக் கிளிக்குக்கு, அதாவது `google / cpc`-க்கு, வெள்ளிக்கிழமையில் ஒன்று எழுதுகிறது. இரண்டு விளம்பரக் கணக்குகளையும் கூட்டினால் ஒரு பர்ஸ் இரண்டாகிவிடும். அனலிட்டிக்ஸில் மெட்டாவுக்குச் சுழியம். ஒரு தளத்துக்கு மற்ற தளத்தின் கிளிக் தெரியாது என்பதே இதன் வேர்.

உங்கள் 40-ஐப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஆட்ஸ் மேனேஜரில் நெடுவரிசைகளை மாற்றும் இடத்தில் `Compare attribution settings` என்பதைத் தேர்ந்தெடுத்தால், தொட்டு வாங்கியவர்களும் பார்த்து மட்டும் வாங்கியவர்களும் தனித்தனியாக வருவார்கள். எடுத்துக்காட்டாக 24 பேர் தொட்டவர்கள், 16 பேர் பார்த்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 16 பேர் விளம்பரம் வழியாக உங்கள் தளத்துக்கு வரவே இல்லை என்பதால், அவர்களுக்கும் விளம்பரத்துக்கும் உள்ள தொடர்பை அனலிட்டிக்ஸ் அறிய வழியில்லை. ஆகவே 11-உடன் ஒப்பிட வேண்டிய எண் 24 மட்டுமே.

எஞ்சிய இடைவெளியில் ஒரு பகுதி, மேலே சொன்ன வாடிக்கையாளரைப் போலக் கடைசியில் வேறு வழியாக வந்தவர்கள். இன்னொரு பகுதிக்குக் காரணம் இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே திறக்கும் பிரௌசர். அதில் பார்த்துவிட்டுப் பிறகு குரோமில் வாங்கினால், ஆளை அடையாளம் காண பிரௌசரில் வைக்கப்படும் குக்கி மாறிவிடுவதால், அனலிட்டிக்ஸ் அவரைப் புதிய ஆளாக எண்ணி நேரடி வருகை, அதாவது `(direct) / (none)` என்று எழுதக்கூடும். மெட்டாவோ, நீங்கள் அனுப்பும் தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ குறியீடாக்கிப் பொருத்தி அதே ஆளைக் கண்டுபிடித்துவிடக்கூடும். நேரடி வருகையில் ஆர்டர்கள் வழக்கத்துக்கு மாறாக உயர்ந்திருந்தால் இதையே முதலில் சந்தேகிப்பேன்.

உண்மையான பிழை ஒன்றும் இருக்கக்கூடும். அதை விதி வேறுபாடு என்று விட்டுவிடக் கூடாது. உங்கள் தளத்திலிருந்து மெட்டாவுக்குப் போகும் தகவல்களைக் காட்டும் ஈவன்ட்ஸ் மேனேஜரில் தெரியும் மொத்த `Purchase` எண்ணிக்கை, அதே நாட்களின் இணைய ஆர்டர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தால், பிரௌசரிலிருந்து தகவல் அனுப்பும் பிக்ஸலும் உங்கள் சர்வரிலிருந்து அனுப்பும் கன்வெர்ஷன்ஸ் ஏபிஐயும் ஒரே ஆர்டருக்கு ஒரே அடையாள எண்ணை, அதாவது `event_id`-ஐ, அனுப்பாமல் இருக்கலாம். அனலிட்டிக்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்த ஆர்டர் எண்ணாக `transaction_id` போகிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ஆர்டர் முடிந்ததும் வரும் நன்றிப் பக்கத்தை ஒருவர் மறுபடி திறந்தாலே இன்னொரு விற்பனை பதிவாகிவிடும். ரத்தான கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர்களை விளம்பரக் கணக்குகள் தாமாகக் கழிப்பதில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள்.

விளம்பரத்தை நாளுக்கு நாள் சரிசெய்ய மெட்டாவின் 7 நாள் கிளிக் எண்ணையும், வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட அனலிட்டிக்ஸையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் விளம்பரம் இல்லாவிட்டாலும் எப்படியும் வாங்கியிருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பதை மேலே சொன்ன அட்ரிபியூஷன் விதிகள் எதுவும் சொல்லாது. அதை அறிய, கோவைப் பகுதிக்கு மட்டும் மெட்டா விளம்பரத்தை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, வழக்கமாக அதே போக்கில் விற்கும் இன்னொரு பகுதியில் தொடருங்கள். பிறகு இரு பகுதிகளின் பில்களையும் அஞ்சல் குறியீட்டின்படி பிரித்து, முந்தைய வாரங்களோடு ஒப்பிடுங்கள். பண்டிகை வாரங்களில் இதைச் செய்ய வேண்டாம். ஒரு பகுதிக்கு வாரத்தில் நாலைந்து ஆர்டர்தான் வருகிறது என்றால், இரண்டு வாரம் போதாது; கூடுதல் காலமோ பெரிய பகுதியோ எடுத்துக்கொள்ளுங்கள்.