பிள்ளைகள் ஊருக்குப் போன பிறகும் யூடியூபில் பொம்மை வீடியோவா?

"அல்சூரில் இருக்கிறேன். திருச்சியிலிருந்து தம்பி பிள்ளைகள் லீவுக்கு வந்திருந்தார்கள். ஏப்ரல் 18 வந்து மே 9 கிளம்பினார்கள். அத்தனை நாளும் எங்கள் டிவியில் யூடியூப்தான். அவர்கள் போய் ஒரு மாதமாகியும் ஸ்லைம், பொம்மை வீடியோதான் வந்து நிற்கிறது. என் கச்சேரிகளைக் காணோம். டிவி ரிப்பேர்காரர் 1,200 ரூபாய்க்கு சாஃப்ட்வேர் ரீசெட் செய்து தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? இல்லை, ஹிஸ்டரியை மொத்தமாக அழித்துவிடட்டுமா?"
— வாசகி, பெங்களூரு

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் அம்மா. மொத்தமாக அழிக்கவும் வேண்டாம்.

பிள்ளைகள் பார்த்ததும் தேடியதும் உங்கள் டிவிக்குள் இல்லை. டிவியில் எந்த ஜிமெயில் கணக்கு ஓடுகிறதோ, அந்தக் கணக்கின் பெயரில் கூகுளிடம் பதிவாகியிருக்கிறது. ரிப்பேர்காரர் டிவியைத் துடைத்துப் புதிது போல ஆக்கித் தரலாம். நீங்கள் அதே கணக்கைத் திரும்பப் போட்ட உடனே அதே ஸ்லைம் வந்து உட்காரும். இது அவருக்கும் தெரியும். இருபது வருஷமாக இந்த ஊரில் வீடு வீடாகப் போய் டிவியும் வைஃபையும் சரிசெய்கிறேன். இந்த "சாஃப்ட்வேர் ரீசெட்" பேச்சைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு கடைக்காரர் வயதான தம்பதியின் டிவியை இதற்காக மூன்று நாள் கடையிலேயே வைத்துக்கொண்டு பில் போட்டதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். டிவியில் யூடியூபைத் திறந்து, இடது பக்க மெனுவில் தெரியும் சின்னப் படத்தை அழுத்தினால் எந்தக் கணக்கு என்று காட்டும். உங்கள் போனில் இருப்பதும் அதுதானா? பல வீடுகளில் டிவியில் மகனுடைய கணக்கு இருக்கும், அம்மா தன் போனில் தன் கணக்கை அழித்துக்கொண்டிருப்பார். பத்து தடவை அழித்தாலும் டிவியில் ஒன்றும் மாறாது.

கணக்கு ஒன்றுதான் என்று தெரிந்த பிறகு டிவி ரிமோட்டைக் கீழே வைத்துவிடுங்கள். டிவியின் செட்டிங்ஸில் Clear watch history, Clear search history என்று இரண்டு இருக்கும். அவை இரண்டும் முழுக்க வழித்துப் போடுகிறவை. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று கேட்க அங்கே வழியே இல்லை. வீட்டுக்கு வீடு தேவைப்படுவது அந்த ஒன்றுதான். அதைப் போய் வேறொரு பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். முழுக்க வழித்தால் வருஷக் கணக்கில் நீங்கள் கேட்ட கச்சேரிகளின் தடமும் சேர்ந்து போய்விடும். அப்புறம் ஊரில் எல்லாருக்கும் காட்டுகிற டிரெய்லரும் கிரிக்கெட்டும் உங்களுக்கும் வரும். நீங்கள் திரும்ப முதலிலிருந்து பழக்க வேண்டும்.

அதனால் போனிலோ கம்ப்யூட்டரிலோ பிரவுசரைத் திறந்து இதை டைப் செய்யுங்கள்:

```
myactivity.google.com
```

அதே கணக்கில் உள்ளே போய் YouTube History என்பதைத் தொடுங்கள். தேதி வாரியாக ஒரு பட்டியல் வரும். Watched என்று தொடங்குவது பார்த்தது, Searched for என்று தொடங்குவது தேடியது. இரண்டும் ஒரே பட்டியலில் இருப்பதால் தனித்தனியாக அழிக்க வேண்டியதில்லை. கொஞ்சம் கீழே தள்ளி ஏப்ரல் கடைசிக்குப் போனாலே பிள்ளைகளின் கைவரிசை தெரியும்: காலையில் ஆரம்பித்து வரிசையாக ஸ்லைம், ஸ்லைம், நடுவில் நீங்கள் கேட்ட ஒரே ஒரு தோடி ஆலாபனை.

பட்டியலின் மேலே Delete என்று இருக்கும். அதில் Delete custom range என்பதைத் தேர்ந்தெடுத்து, ஏப்ரல் 18 முதல் மே 9 வரை தேதி கொடுத்து உறுதி செய்யுங்கள். முடிந்ததும் பட்டியலில் அந்த இரண்டு தேதிகளுக்கும் போய்ப் பாருங்கள். ஓரத்தில் ஏதாவது தப்பியிருந்தால் பக்கத்திலுள்ள X-ஐத் தொட்டால் போகும். மே 9-க்குப் பிறகும் தானாக ஓடிய பொம்மை வீடியோக்கள் சில இருக்கும், அவற்றையும் எடுத்துவிடுங்கள். அந்தத் தோடி போகக் கூடாது என்றால் தேதி போடாமல் மேலே உள்ள தேடல் பெட்டியில் slime என்று போட்டு, வந்ததை மட்டும் அழிக்கலாம். ஆனால் எல்லா வீடியோவின் பெயரிலும் அந்தச் சொல் இருக்காது. தோடியை இன்னொரு தடவை கேட்டுக்கொள்வதுதான் சுலபம்.

இத்தனைக்குப் பிறகும் பொம்மை வந்தால், பிள்ளைகள் ஏதாவது சேனலுக்கு சப்ஸ்கிரைப் செய்திருப்பார்கள், இல்லை கட்டைவிரலை அழுத்தி லைக் போட்டிருப்பார்கள். ஹிஸ்டரியை அழித்தால் இவை போகாது. சப்ஸ்கிரிப்ஷன் பட்டியலிலும் Liked videos பட்டியலிலும் போய்க் கையால்தான் எடுக்க வேண்டும். பிறகு டிவியில் யூடியூபை முழுக்க மூடித் திறந்து, இரண்டு மூன்று நாள் உங்கள் கச்சேரியை மட்டும் கேளுங்கள். என் அனுபவத்தில் அதற்குள் முகப்பு திரும்பிவிடுகிறது.

இப்போது ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ரிப்பேர்காரர்களின் வருமானமே இதில்தான். அந்த YouTube History பக்கத்தில் Turn off என்றும் ஒன்று இருக்கும்; டிவியில் அதுவே Pause watch history. இனிமேல் எதையும் பதிவு செய்யாதே என்று அர்த்தம். ஹிஸ்டரியை மொத்தமாக அழித்து, அதோடு இதையும் நிறுத்தினால் முகப்பு வெறுமையாகிவிடும். ஆகஸ்ட் 2023-லிருந்து யூடியூபே இப்படி வைத்திருக்கிறது. வீடியோ ஒன்றும் இருக்காது, தேடல் பெட்டியும் மெனுவும் மட்டும். டிவியும் கெடவில்லை, நெட்டும் போகவில்லை. ஆனால் பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும். ராமமூர்த்தி நகரில் ஒரு பெரியவர் இப்படித்தான் பயந்துபோய் கூகுளில் "கஸ்டமர் கேர்" என்று தேடி, மேலே வந்த நம்பருக்கு போன் செய்தார். எதிர்முனையில் இருந்தவன் போனில் ஒரு ஆப்பை ஏற்றச் சொன்னான், திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் ஆப். நல்லவேளை, மருமகள் பார்த்துப் போனைப் பிடுங்கினார். நான் போய்ச் செய்ததெல்லாம் அந்த ஹிஸ்டரியைத் திரும்ப ஆன் செய்து நாலு வீடியோ ஓடவிட்டதுதான். நிறுத்தினால் இப்படி ஆகும் என்று அந்தப் பட்டனுக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

நீங்கள் ஏற்கெனவே ரிப்பேர்காரரை டிவியில் கை வைக்க விட்டிருந்தால், கணக்கைத் திரும்பப் போட டிவி ஒரு குறியீட்டைக் காட்டும். அதைப் போட வேண்டிய முகவரியும் டிவி திரையிலேயே இருக்கும், `youtube.com/activate` என்பது போல. கூகுளில் தேடிப் போகாதீர்கள், டிவியில் தெரியும் எழுத்தைப் பார்த்து டைப் செய்யுங்கள். ஆக்டிவேஷன் கட்டணம் என்று எந்தப் பக்கமாவது பணம் கேட்டால் மூடிவிடுங்கள், அப்படி ஒரு கட்டணமே கிடையாது. போனில் யாராவது ஒரு குறியீட்டைச் சொல்லி "இதைப் போடுங்க" என்றால் போடாதீர்கள். போட்டால் அவர் டிவியில் உங்கள் கணக்கு திறக்கும்.

அடுத்த லீவுக்குப் பிள்ளைகள் வருவதற்கு முந்தின நாள், டிவியில் அதே சின்னப் படத்தை அழுத்தி உங்கள் கணக்கிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். கணக்கில்லாமல் பார்ப்பது உங்கள் பட்டியலில் ஏறாது. அவர்கள் ரயில் ஏறிய பிறகு திரும்ப உள்ளே போனால், கச்சேரி விட்ட இடத்திலேயே இருக்கும்.