வாக்கியம் முடியும் முன்னே மூச்சு முடிந்தால்

"கொழிஞ்சாம்பாறை அருகே தமிழ் வழிப் பள்ளியில் ஆசிரியை. வயது 38. நீளமான வாக்கியம் வாசித்தால் கடைசி வார்த்தை காற்றாகப் போய்விடுகிறது. மலைக்கோயில் படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. நெட்டில் பார்த்தால் நுரையீரல் சுருங்கும் நோய் என்கிறார்கள். பயந்துபோய் மெடிக்கலில் பம்ப் வாங்கி அடிக்கிறேன். சரியாகுமா டாக்டர்?"

நுரையீரல் சுருங்கியவருக்குப் படியேறும்போதுதான் முதலில் மூச்சு வாங்கும். உங்களுக்கு அது இல்லை. அந்தப் பயத்தை விடுங்கள். யாரும் எழுதித் தராமல் வாங்கிய பம்பையும் இன்றே நிறுத்துங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அதுவே தொண்டையைக் கம்ம வைக்கும்.

உங்கள் சிக்கல் மூச்சைச் செலவழிக்கும் விதத்தில் இருக்கிறது. நாம் பேசுவது வெளிவிடும் மூச்சில். பலர் பாதி மூச்சு போன பிறகு வாக்கியத்தைத் தொடங்குகிறார்கள். முதல் இரண்டு சொற்களை உரக்கச் சொல்லி இருப்பதையும் தீர்த்துவிடுகிறார்கள். பிறகு தொண்டையை இறுக்கிப் பிழிந்து பேசுகிறார்கள். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், பிள்ளைகளுக்குக் கேட்காமல் போவது அந்த முக்கியமான சொல்தான்.

காலையில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிற்றில் கை வையுங்கள். மூக்கால் மூச்சு இழுக்கும்போது கை உயர வேண்டும், தோள் அசையக் கூடாது. பிறகு 'ஸ்ஸ்' என்று ஒரே சீராக விடுங்கள். சத்தம் நடுங்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். கடைசிச் சொட்டுவரை பிழிய வேண்டாம். பத்து முறை போதும். தலை சுற்றினால் வேகமாகச் செய்கிறீர்கள் என்று பொருள், சற்று ஓய்வெடுங்கள்.

நான்கைந்து நாளில் இது பழகியதும் உட்கார்ந்து பாடப் புத்தகத்தை எடுங்கள். 'மலையில் பெய்த மழைநீர் ஆற்றில் கலந்து / அணையில் தேங்கி / கால்வாய் வழியாக வயலுக்குப் பாய்கிறது' என்று பொருள் பிரியும் இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். கோடு வந்ததும் வாயைத் திறந்து வயிற்றைத் தளர்த்தினால் போதும், காற்று தானாக உள்ளே போகும். இழுத்து நிரப்பினால் தோள் ஏறி, கழுத்து இறுகிவிடும். வகுப்பில் முதல் சொல்லை மெதுவாகத் தொடங்கி, 'பாய்கிறது' என்பதற்கு மூச்சை மீதம் வையுங்கள்.

தொண்டை வறட்சி, அடிக்கடி கனைப்பது இவையெல்லாம் பெரிய விஷயமில்லை. தண்ணீர் குடியுங்கள், கனைக்காமல் விழுங்குங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரே மூச்சில் 'ஸ்ஸ்' எத்தனை விநாடி வருகிறது, 'ஆ' எத்தனை விநாடி வருகிறது என்று மும்மூன்று முறை பாருங்கள். 'ஸ்ஸ்' இருபது வந்து, 'ஆ' பத்தைக்கூடத் தொடவில்லை என்றால் நுரையீரலில் காற்று இருக்கிறது, குரல்நாண் சரியாக மூடாமல் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். சளி, காய்ச்சல் இல்லாமலே குரல் கம்மி மூன்று வாரம் தாண்டினாலும் பயிற்சியை நம்பிக் காத்திருக்காதீர்கள். பாலக்காட்டிலோ கோவையிலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், குழாய்க் கேமரா வைத்துக் குரல்நாணைப் பார்க்கச் சொல்லுங்கள்.