ஃபார்முலா சரி, செல்லில்தான் பிழை

“அரிசி மொத்த வியாபாரக் கணக்கை எக்செலில் வைத்திருக்கிறேன். விலையை VLOOKUP மூலம் எடுக்கிறேன். ஊர்வாரியாக மூட்டைகளை SUMIFS மூலம் கூட்டுகிறேன். E5-இல் மட்டும் #N/A வருகிறது. மேலூருக்கு 35 மூட்டை என்று காட்டுகிறது, கையால் கூட்டினால் 39. திருமங்கலம் கணக்கு சரியாக இருக்கிறது. IFERROR போட்டால் போதும் என்கிறார் நண்பர். ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். ஃபார்முலாவில் என்ன தவறு?”

இரண்டு ஃபார்முலாக்களிலும் தவறு இல்லை. C5, D7 ஆகிய இரண்டு செல்களில் எண்ணுக்குப் பதிலாக எழுத்து இருக்கிறது. உங்கள் படத்திலேயே அதற்கான தடயங்கள் இருக்கின்றன. மற்ற வாசகர்களுக்காக அந்த அட்டவணையைத் தேதி நீக்கித் தருகிறேன்.

| வரிசை | B ஊர் | C சரக்கு எண் | D மூட்டை | E விலை | F தொகை |
|---|---|---|---|---|---|
| 2 | மேலூர் | 101 | 12 | 1450 | 17400 |
| 3 | திருமங்கலம் | 102 | 8 | 1300 | 10400 |
| 4 | மேலூர் | 103 | 10 | 1180 | 11800 |
| 5 | மேலூர் | 101 | 6 | #N/A | #N/A |
| 6 | திருமங்கலம் | 101 | 5 | 1450 | 7250 |
| 7 | மேலூர் | 102 | 4 | 1300 | 5200 |
| 8 | மேலூர் | 103 | 7 | 1180 | 8260 |
| 9 | திருமங்கலம் | 103 | 9 | 1180 | 10620 |

முதலில் #N/A. படம் எடுத்தபோது E5 தேர்வில் இருந்ததால், அதன் ஃபார்முலா மேலே முழுதாகத் தெரிகிறது.

```
=VLOOKUP(C5,$H$2:$J$4,3,FALSE)
```

இதை மற்ற வரிசைகளுக்கு இழுக்கும்போது $ குறி இல்லாவிட்டால் விலைப்பட்டியலின் எல்லை கீழே நகர்ந்துகொண்டே போகும். #N/A வருவதற்கு அது வழக்கமான காரணம். உங்களிடம் $ இருக்கிறது. கடைசியில் FALSE இருப்பதும் நல்லது. அது இல்லாவிட்டால் எக்செல் ஏறத்தாழப் பொருந்தும் எண்ணை ஏற்றுக்கொண்டு, பிழை எதுவும் காட்டாமலே தவறான விலையைத் தந்துவிடக்கூடும். அடுத்து 6-ஆம் வரிசையைப் பாருங்கள். அங்கேயும் அதே 101தான், ஆனால் 1450 சரியாக வந்திருக்கிறது. எனவே பட்டியலிலும் குறை இல்லை. எஞ்சுவது C5 மட்டுமே.

படத்தில் மற்ற சரக்கு எண்கள் செல்லின் வலது ஓரத்தை ஒட்டி நிற்க, C5-இல் உள்ள 101 மட்டும் இடது ஓரத்தில் நிற்கிறது. செல்லின் அமைப்பை யாரும் மாற்றாத வரை எக்செல் எண்ணை வலப்பக்கமும் எழுத்தை இடப்பக்கமும் வைக்கும். அதே பார்வையோடு D நெடுவரிசையில் இறங்கினால் D7-இல் உள்ள 4-ம் இடது ஓரத்தில் நிற்பது தெரியும். கையால் கூட்டியதற்கும் ஃபார்முலா தந்ததற்கும் உள்ள வித்தியாசமும் அதே நான்குதான்.

இரண்டும் ஒரே நோய் என்றாலும் அறிகுறி வெவ்வேறாக இருக்கிறது. இதைப் புரிந்துகொள்வது ஃபார்முலாவை மனப்பாடம் செய்வதைவிடப் பயன் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். VLOOKUP-க்கு 101 என்ற எழுத்தும் 101 என்ற எண்ணும் வேறு வேறு. பொருந்தாவிட்டால் உடனே பிழை காட்டும். இந்த விஷயத்தில் XLOOKUP-ம் அப்படியே. SUMIFS, நிபந்தனையைப் பொருத்திப் பார்க்கும்போது இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. சரக்கு எண் 101-க்கு மொத்தம் கேட்டுப் பாருங்கள்.

```
=SUMIFS(D2:D9,C2:C9,101)
```

விடை 23. அதாவது 12, 6, 5 மூன்றும் சேர்ந்துவிட்டன. C5 எழுத்தாக இருந்தும் 5-ஆம் வரிசை விடுபடவில்லை. ஆனால் கூட்ட வேண்டிய நெடுவரிசையில் எழுத்து இருந்தால் அதே SUMIFS அதை ஓசையில்லாமல் தாண்டிவிடும். மேலூரில் நான்கு மூட்டைகள் காணாமல் போனது அப்படித்தான். திருமங்கலத்தின் மூன்று வரிசைகளிலும் இந்தக் குறை இல்லாததால் அந்தக் கணக்கு மட்டும் சரியாக வந்தது.

F7-இல் 5200 என்று சரியாக இருக்கிறதே என்று கேட்கலாம். பெருக்கல் குறியைக் கண்டால் எக்செல் எழுத்தாக இருக்கும் 4-ஐ எண்ணாக மாற்றிக்கொண்டு பெருக்கும். ஆகவே தொகை சரியாக வரும், மூட்டைக் கணக்கு மட்டும் குறையும். தொகையை மட்டும் சரிபார்ப்பவர் கண்ணில் இந்தப் பிழை கடைசிவரை படாது.

திருத்தும் முன் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். படத்தை வைத்து நான் சொல்வது ஊகம்தான். செல்லை நடுவில் நிறுத்தும்படி அமைத்திருந்தால் இடது, வலது தடயமே இருந்திருக்காது. காலியாக உள்ள ஏதாவது இரண்டு செல்களில் இவற்றை இடுங்கள்.

```
=ISNUMBER(C5)
=ISNUMBER(D7)
```

இரண்டுக்கும் FALSE வரும். இனி C நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, Data பட்டியலில் Text to Columns சொடுக்கி, வேறு எதையும் மாற்றாமல் Finish அழுத்துங்கள். பிறகு D நெடுவரிசைக்கும் அதையே செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு நெடுவரிசையைத்தான் அது ஏற்கும். செல்லின் மூலையில் சிறிய பச்சை முக்கோணம் தெரிந்தால், அதன் பக்கத்தில் வரும் குறியைச் சொடுக்கி Convert to Number தேர்ந்தாலும் போதும். Format Cells-இல் Number என்று மாற்றுவது மட்டும் உதவாது. அது தோற்றத்துக்கான அமைப்பு. உள்ளே ஏற்கெனவே இருக்கும் எழுத்து எழுத்தாகவே இருக்கும். பலர் இந்த இடத்தில்தான் நேரத்தை இழக்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் சரக்கு எண்கள் 0101 என்பதுபோல் பூஜ்யத்தில் தொடங்கினால் இப்படி மாற்றாதீர்கள், முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும். அப்போது C நெடுவரிசையையும் விலைப்பட்டியலின் H நெடுவரிசையையும் எழுத்தாகவே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே வகையாக இருந்தால் VLOOKUP-க்குப் போதும்.

நண்பர் சொன்ன IFERROR இங்கே வேண்டாம். இப்போது மேலூரின் தொகையைக் கேட்டால் #N/A வருகிறது, ஏனென்றால் F5 அந்தக் கூட்டலுக்குள் வருகிறது. விலை கிடைக்காதபோது 0 வரும்படி IFERROR இட்டால் #N/A மறைந்து 42,660 என்று ஓர் எண் வரும். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் உண்மையான தொகை 51,360. ஆறு மூட்டைக்கான 8,700 ரூபாய் பில்லில் இல்லாமல் போய்விடும். பட்டியலில் உண்மையிலேயே இல்லாத சரக்குக்கு “விலை இல்லை” என்று காட்டுவதற்கு IFERROR-ஐப் பயன்படுத்துங்கள், பணக் கணக்கில் பூஜ்யம் நிரப்புவதற்கு வேண்டாம்.

திருத்திய பிறகு மேலூர் 39 மூட்டை, 51,360 ரூபாய் என்றும், திருமங்கலம் 22 மூட்டை, 28,270 ரூபாய் என்றும் வர வேண்டும்.

பில் மென்பொருளிலிருந்து ஒட்டும் எண்களும், Text என்று அமைந்த செல்லில் தட்டும் எண்களும் மறுபடியும் எழுத்தாகவே நுழையும். அதனால் அட்டவணைக்கு வெளியே, கண்ணில் படும் ஓரிடத்தில் இந்த ஒரு வரியை நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

```
=COUNTA(D2:D9)-COUNT(D2:D9)
```

COUNTA நிரம்பிய செல்களை எல்லாம் எண்ணும், COUNT எண் உள்ள செல்களை மட்டும் எண்ணும். உங்கள் படத்தில் இருக்கும் நிலையில் விடை 1, திருத்தியதும் 0. எப்போது அது 0 இல்லையோ, அப்போது மூட்டைக் கணக்கை யாருக்கும் அனுப்பாமல் D நெடுவரிசையில் இடது ஓரத்தில் நிற்கும் எண்ணைத் தேடுங்கள்.